தலையில் முளைத்த கம்பம்

தெருவில் நிற்கவைத்து எடுத்த படத்தை வீட்டில் வந்து பார்த்தால், பத்தடி பின்னால் இருந்த விளக்குக் கம்பம் அக்காவின் உச்சந்தலையிலிருந்து கிளம்பியிருக்கும். எடுக்கும்போது இது உறுத்தாது. நமக்கு இரண்டு கண்கள் இருப்பதால் கம்பம் தள்ளி நிற்பது தெரிந்துவிடுகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண்.

வானத்தில் நீளும் கம்பத்தை அழிப்பது பெரிய வேலையில்லை. கம்பம் முடியைத் தொடும் இடத்தில்தான் சோதனை. போட்டோஷாப்பில் பலரும் முதலில் எடுப்பது ஹீலிங் பிரஷ். சுற்றியுள்ள நிறத்தோடு குழைத்துப் பூசுவது அதன் குணம். முடியருகே கொண்டுபோனால் கறுப்பையும் சேர்த்து இழுத்து, வானத்தில் புகை படிந்தாற்போல் ஆக்கிவிடும். அந்தக் கறையே, யாரோ கைவைத்த படம் என்று காட்டிக்கொடுக்கும்.

அங்கே குளோன் ஸ்டாம்ப்தான் சரி. அது குழைக்காது, எடுத்ததை அப்படியே ஒட்டும். மூலப்படத்தைத் தொடாமல் மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, கருவியின் சாம்பிள் அமைப்பை Current & Below என்று மாற்றிக்கொள்ளுங்கள். லாசோவால் தலையின் விளிம்பை ஒட்டி வான்பக்கத்தை மட்டும் வளைத்து, ஓரத்தை ஓரிரு பிக்சல் மென்மையாக்குங்கள். பிறகு Alt விசையை அழுத்தி வானத்தை எடுக்க வேண்டும், அதுவும் பக்கவாட்டில், அதே உயரத்திலிருந்து. வானம் மேலே அடர்ந்தும் கீழே வெளுத்தும் இருப்பதால், உயரம் மாறினால் திட்டுத் திட்டாகிவிடும்.

இப்போது தலை கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். தேர்வை நீக்கிவிட்டு, பக்கத்து முடி விளிம்பில் கொஞ்சம் எடுத்து அங்கே வையுங்கள். ஓரிரு பிக்சல் பிரஷ்ஷால் முடியின் நிறத்திலேயே நாலைந்து இழைகளை இழுத்துவிட்டால் போதும். மிச்சக் கம்பத்துக்கு, தலையிலிருந்து தள்ளி, ஹீலிங் பிரஷ் தாராளம்.

முடித்ததும் 100 சதவீத அளவில் பாருங்கள். ஒரே மேகம் இரண்டு இடத்தில் நிற்கலாம். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவே கம்பத்தின் துண்டு எட்டிப்பார்க்கலாம். இதைத்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள்.

இதெல்லாம் வீட்டு ஆல்பத்துக்கு. செய்திப் படத்தின் கதை வேறு. 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் அருகே மண்டியிட்டு அலறினாள் 14 வயது மேரி ஆன் வெக்கியோ. ஜான் ஃபைலோவுக்குப் புலிட்சர் வாங்கித் தந்த அந்தப் படத்தில், அவள் தலைக்குப் பின்னால் ஒரு வேலிக் கம்பம் உண்டு. 1995இல் லைஃப் இதழில் வந்த பிரதியில் அது இல்லை, கண்டனம் கிளம்பியது. பத்திரிகைக்கு அனுப்பும் படமென்றால், கம்பம் தலையிலேயே இருக்கட்டும்.