மாவிலை வடிவில் ஒரு வரைபடம்

பென்சீன் 80 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். டொலுவீன் ஏறக்குறைய 111 டிகிரியில் கொதிக்கும். இரண்டையும் கலந்து சூடாக்கினால் என்ன நடக்கும்? 80 டிகிரி வந்ததும் பென்சீன் மட்டும் ஆவியாகிப் போய்விடும், டொலுவீன் அடியில் தங்கிவிடும் என்றுதான் பலரும் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. இரண்டும் சரிபாதி மூலக்கூறுகள் கொண்ட கலவை 80 டிகிரியில் கொதிக்கவே தொடங்காது. 92 டிகிரி வரை காத்திருக்க வேண்டும். அப்போது கிளம்பும் ஆவியிலும் இரண்டுமே இருக்கும். ஏன் என்று புரிந்துகொண்டால், கலந்த திரவங்களைப் பிரிக்கும் கலை முழுவதும் பிடிபட்டுவிடும்.

எந்தத் திரவத்தின் மேற்பரப்பிலிருந்தும் மூலக்கூறுகள் தப்பி வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. மூடிய பாத்திரத்தில் அவை தரும் அழுத்தமே ஆவி அழுத்தம். சூடு ஏற ஏற அது கூடும். வெளியிலிருந்து காற்று தரும் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். ஆவி அழுத்தம் அதை எட்டும்போது திரவம் கொதிக்கிறது.

கலவையில் என்ன மாறுகிறது? மேற்பரப்பில் பாதி இடத்தை டொலுவீன் பிடித்துக்கொள்கிறது. ஆகவே தப்பும் பென்சீன் மூலக்கூறுகளும் பாதியாகக் குறைகின்றன. பிரான்சின் கிரெனோபிள் நகரில் பேராசிரியராக இருந்த பிரான்சுவா மரீ ரௌல்ட் 1880களில் வகுத்த விதி இதுதான்: கலவையில் ஒரு பொருள் தரும் ஆவி அழுத்தம், அது தனியாக இருந்தால் தரும் அழுத்தத்தை அதன் மூலக்கூறுப் பங்கால் பெருக்கக் கிடைப்பது.

இந்த விதிக்கு முழுமையாகக் கட்டுப்படும் கலவையை நல்லியல்புக் கரைசல் என்கிறோம். பென்சீனும் டொலுவீனும் ஏறக்குறைய அப்படிப்பட்டவை. டொலுவீன் என்பது பென்சீன் வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டியதுதான். பக்கத்தில் இருப்பது தன் இனமா, மற்றதா என்பதால் ஒரு மூலக்கூறு உணரும் பிடிமானம் பெரிதாக மாறுவதில்லை.

இப்போது 92 டிகிரிக்கு வருவோம். அந்தச் சூட்டில் தூய பென்சீனின் ஆவி அழுத்தம் சுமார் 1084 மில்லிமீட்டர். டொலுவீனுடையது சுமார் 435. சரிபாதிக் கலவையில் பென்சீன் தருவது 542. டொலுவீன் தருவது ஏறக்குறைய 218. கூட்டினால் 760. கலவை கொதிக்கிறது!

அடுத்த கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. மொத்த அழுத்தமான 760-இல் 542 பென்சீனுடையது. அதாவது ஆவியில் 71 விழுக்காடு பென்சீன். கீழே இருக்கும் திரவத்தில் 50, மேலே எழும் ஆவியில் 71. எளிதில் ஆவியாகும் பொருள் ஆவியில் எப்போதும் கூடுதலாக இருக்கும். பிரித்தெடுப்பது முழுவதும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது.

இதே கணக்கை ஒவ்வொரு விகிதத்துக்கும் போட்டு வரைந்தால் கிடைப்பதுதான் கொதிநிலை வரைபடம். கிடைமட்ட அச்சில் விகிதம்: இடக்கோடியில் தூய டொலுவீன், வலக்கோடியில் தூய பென்சீன். செங்குத்து அச்சில் வெப்பநிலை. இடக்கோடியில் 111 டிகிரியில் ஒரு புள்ளி, வலக்கோடியில் 80 டிகிரியில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்து இரண்டு வளைகோடுகள் ஓடுகின்றன. பார்த்தால் சாய்த்து வைத்த மாவிலை போலிருக்கும். இலையின் கீழ் விளிம்பு, எந்த விகிதத்தில் உள்ள திரவம் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்று சொல்கிறது. மேல் விளிம்பு, அந்தச் சூட்டில் எழும் ஆவியில் என்ன விகிதம் இருக்கும் என்று சொல்கிறது.

படிப்பது எளிது. 50 விழுக்காட்டிலிருந்து நேராக மேலே போங்கள். 92 டிகிரியில் கீழ் விளிம்பைத் தொடுவீர்கள். அங்கிருந்து படுக்கைவாட்டில் வலப்பக்கம் நகர்ந்தால் மேல் விளிம்பு வரும். அதன் விகிதம் 71. அந்த ஆவியைக் குளிர்வித்தால் அதே 71 விழுக்காட்டுத் திரவம் கிடைக்கும். ஆகவே நேராகக் கீழே இறங்குங்கள். 86.5 டிகிரியில் மறுபடி கீழ் விளிம்பு. திரும்ப வலப்பக்கம் போனால் 86 விழுக்காடு. அடுத்த படி 83 டிகிரியில். அங்கே 94 விழுக்காடு. இன்னும் ஒரு படி 81.3 டிகிரியில், அங்கே 98 விழுக்காடு. நான்கே படிகளில் சரிபாதிக் கலவை கிட்டத்தட்டத் தூய பென்சீனாகிவிட்டது.

ஆனால் சாதாரணமாக ஒருமுறை காய்ச்சி வடித்தால் 71 விழுக்காடு முதல் சொட்டுக்கு மட்டும்தான். பென்சீன் கூடுதலாக வெளியேற, குடுவையில் டொலுவீனின் பங்கு ஏறுகிறது. கொதிநிலையும் 111-ஐ நோக்கி ஏறுகிறது. கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டால், சேர்ந்திருப்பது பழையபடி சரிபாதிக் கலவையே!

அதனால்தான் குடுவையின் மேல் ஒரு நீண்ட கண்ணாடித் தூணை வைக்கிறார்கள். உள்ளே கண்ணாடி மணிகள் நிரம்பியிருக்கும். மேலே ஏறும் ஆவி மணிகளில் பட்டுக் குளிர்ந்து திரவமாகிறது. பின்னால் வரும் சூடான ஆவி அதை மீண்டும் கொதிக்க வைக்கிறது. வரைபடத்தில் நாம் இறங்கிய ஒவ்வொரு படியும் தூணுக்குள் ஒரு பகுதியில் தானாகவே நடக்கிறது. முதல் படி குடுவையிலேயே முடிகிறது. மற்ற மூன்றும் தூணின் வேலை. இதுவே பின்னக் காய்ச்சி வடித்தல்.

இங்கே அவசரம் ஆகாது. அந்த நான்கு படிகள் முழுமையாகக் கிடைக்க, குளிர்ந்த திரவம் தூண் வழியே கீழிறங்கி, ஏறும் ஆவியோடு நின்று நிதானமாகக் கலக்க வேண்டும். தீயைக் கூட்டினால் ஆவி வேகமாக ஏறி, திரவத்தை இறங்கவிடாமல் தடுக்கும். தூண் திரவத்தால் நிரம்பித் தளும்பும். பிரிப்பு கெட்டுவிடும்.

கெட்டதை வெப்பமானியே காட்டிக்கொடுக்கும். தூணின் உச்சியில் 80 டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டிய அளவு 85 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தை எடுத்து 85-க்கு நேரே பாருங்கள். கீழ் விளிம்பில் 77 விழுக்காடு, மேல் விளிம்பில் 90. எதை எடுப்பது? வெப்பமானி தொடுவது ஆவியை. எனவே மேல் விளிம்பே விடை: வெளியே வருவதில் பத்தில் ஒரு பங்கு டொலுவீன். மாணவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். வெப்பமானியின் குமிழ், ஆவி வெளியேறும் பக்கக் குழாயின் வாயருகே இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மேலே தூக்கி வைத்தால் ஆவி அதைச் சரியாகத் தொடாது. காட்டும் அளவு உண்மையைவிடக் குறைந்திருக்கும்.

எல்லாக் கலவைக்கும் இந்த மாவிலை கிடைப்பதில்லை. எத்தனாலும் தண்ணீரும் நல்லியல்புக் கலவை அல்ல. அவற்றின் வரைபடத்தில் இரண்டு விளிம்புகளும் எடையில் 95.6 விழுக்காடு எத்தனால் உள்ள இடத்தில், 78.2 டிகிரியில், ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. அங்கே திரவத்துக்கும் ஆவிக்கும் ஒரே விகிதம். படி இறங்க இடமே இல்லை. தூணை எவ்வளவு உயர்த்தினாலும் மீதித் தண்ணீர் போகாது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு அந்தத் தண்ணீரும் போயாக வேண்டும். அதனால், தண்ணீர் மூலக்கூறை மட்டும் தன் நுண்துளைகளில் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு சல்லடை வழியே அதை அனுப்புகிறார்கள்.

ஆகவே கொதிநிலை வரைபடம் எதைப் பார்த்தாலும் முதலில் இரண்டு விளிம்புகளுக்கும் இடையே உள்ள அகலத்தைப் பாருங்கள். அகலம் இருந்தால் சில படிகளில் பிரிக்கலாம். ஒடுங்கியிருந்தால் உயரமான தூண் வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால், காய்ச்சி வடித்து மட்டும் அந்தப் புள்ளியைத் தாண்ட முடியாது.