தலைகீழாகப் படித்த இயந்திரம்

2014-இல் கூகுள் ஆய்வாளர்கள் இல்யா சுட்ஸ்கேவர், ஓரியல் வின்யால்ஸ், குவோக் லே மூவரும் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்க ஒரு எல்எஸ்டிஎம் வலையமைப்பைப் பழக்கினார்கள். ஆங்கில வாக்கியத்தைக் கடைசிச் சொல்லில் தொடங்கித் தலைகீழாகக் கொடுத்ததும் மொழிபெயர்ப்புத் தரத்தை அளக்கும் ப்ளூ மதிப்பெண் 25.9-லிருந்து 30.6-க்கு ஏறியது. வாக்கியத்தைக் குலைத்தால் தரம் ஏன் கூட வேண்டும்?

மீள்சுழல் வலையமைப்பு சொற்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. அதுவரை படித்ததன் சாரத்தை எண்களாக வைத்துக்கொண்டு, புதுச் சொல் வரும்போதெல்லாம் அவற்றைத் திருத்துகிறது. பிழை நேர்ந்தால், திருத்தம் வந்த வழியே பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் அது ஓர் எண்ணால் பெருக்கப்படும். அந்த எண் 0.9 என்றால், 50 சொற்கள் தாண்டியதும் மிஞ்சுவது சுமார் 0.005. 1.1 என்றாலோ 117 மடங்காக வீங்கிவிடும். செப் ஹோக்ரைட்டர் 1991-இல் மியூனிக்கில் எழுதிய பட்ட ஆய்வேட்டில் இதை அலசினார்.

அவரும் யூர்கன் ஷ்மிட்ஹுபரும் 1997-இல் வெளியிட்ட தீர்வுதான் எல்எஸ்டிஎம். அதன் நினைவறையில் பழைய மதிப்பு பெருக்கிக் கரைக்கப்படுவதில்லை. புதியது அதனுடன் கூட்டப்படுகிறது. எதை உள்ளே விடுவது, எதை வெளியே காட்டுவது என்பதை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்களான வாயில்கள் தீர்மானிக்கின்றன. வேண்டாததை அழிக்கும் மறதி வாயிலைச் சில ஆண்டுகள் கழித்து பெலிக்ஸ் கெர்ஸும் சகாக்களும் சேர்த்தார்கள். ‘அக்கா, மழையில் நனைந்தபடி கடைக்குப் போன தம்பியைத் தேடி வந்தாள்’ என்ற வாக்கியத்தில், நடுவே வரும் தம்பியை நம்பி ‘வந்தான்’ என்று முடிக்காமலிருக்க முதல் சொல் கடைசிவரை நினைவில் நிற்க வேண்டும். எல்எஸ்டிஎம் அதைக் கற்றுக்கொள்ளும்.

ஆனாலும் அந்த 2014 அமைப்பில் வாக்கியம் முழுவதும் 8000 எண்களுக்குள் அடங்கியாக வேண்டும், ஐந்து சொல்லானாலும் ஐம்பதானாலும். தலைகீழாகப் படித்தபோது ஆங்கிலத்தின் முதல் சொற்கள் பிரெஞ்சின் முதல் சொற்களுக்குப் பக்கத்தில் வந்தன. தொடக்கம் சரியாக அமைந்தது. சொற்களுக்கு இடையிலான சராசரித் தூரம் மாறவே இல்லை. நினைவின் குறையை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய சோதனை வேறில்லை என்பேன்.

அதே ஆண்டு பாதனாவ், சோ, பென்ஜியோ மூவரும் ஒவ்வொரு சொல்லின் நிலையையும் தனித்தனியே வைத்திருந்து, வேண்டியதைத் திரும்பிப் பார்க்கும் ‘கவனம்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 2017-இல் ஆஷிஷ் வாஸ்வானி உள்ளிட்ட எட்டுப் பேர் மீள்சுழலையே நீக்கிவிட்டு, கவனத்தை மட்டும் வைத்து டிரான்ஸ்ஃபார்மரை அமைத்தார்கள். அதில் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லையும் ஒரே படியில் பார்க்கும். 50-ஆவது சொல்லைப் படிக்க 49-ஆவது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், பயிற்சியின்போது ஜிபியுக்கள் எல்லாச் சொற்களையும் ஒரேசமயத்தில் கையாள்கின்றன. வரிசை தொலைந்துபோவதால், ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் இடத்தைத் தனியே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதற்கும் விலை உண்டு. 1000 சொற்கள் என்றால் 10 லட்சம் இணைகளை ஒப்பிட வேண்டும். நீளம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். எல்எஸ்டிஎம்முக்கோ எத்தனையாவது சொல்லானாலும் ஒரே அளவு நினைவு போதும். அந்தச் சிக்கனத்தை விடாமல் 2024-இல் ஹோக்ரைட்டரின் குழு எக்ஸ்எல்எஸ்டிஎம் என்ற புது வடிவத்தை வெளியிட்டது.