ஏழு ஃபண்ட், ஒரே இறக்கம்

மாதம் 21,000 ரூபாய் சேமிக்கிற ஒருவர் அதை மூவாயிரம் மூவாயிரமாகப் பிரித்து ஏழு மியூச்சுவல் ஃபண்டுகளில் எஸ்.ஐ.பி. கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழும் வெவ்வேறு நிறுவனங்கள் நடத்துபவை. ஒன்று கவிழ்ந்தாலும் மற்ற ஆறு காப்பாற்றும் என்பது அவர் கணக்கு. சந்தை சரிகிற மாதத்தில் செயலியைத் திறந்து பார்த்தால் ஏழும் சிவப்பாக இருக்கும், அதுவும் கிட்டத்தட்ட ஒரே சதவீதத்தில். பணத்தைப் பிரித்துப் போட்டவருக்குப் பிரித்த பலன் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் விதியிலேயே இருக்கிறது. ‘லார்ஜ் கேப்’ என்ற பெயரில் நடக்கும் ஃபண்ட், தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில்தான் போட வேண்டும் என்று 2017 அக்டோபரில் செபி வகுத்தது. எந்த நிறுவனம் ஃபண்டை நடத்தினாலும் பட்டியல் அந்த நூறுதான். அந்த நூறிலும் எடை மேலே குவிந்திருக்கிறது. நிஃப்டி 50 குறியீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதி நிறுவனங்களுடையது. ஆகவே ஏழு ஃபண்டுகளின் முதல் பத்துப் பங்குகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் எச்.டி.எஃப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, ரிலையன்ஸ் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரே ஏரிப் பாசனத்தில் பத்து வயல் வாங்கியவர் நிலை இது. ஏரி வற்றினால் பத்தும் காயும்.

இதைக் கணக்காக்கிக் காட்டியவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1952-ல் சிகாகோ பல்கலைக்கழக மாணவராக, 24 வயதில், அவர் எழுதிய கட்டுரைக்காக 1990-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பங்கு நல்லதா கெட்டதா என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், கையில் இருக்கும் மற்ற பங்குகளோடு சேரும்போது அது எப்படி அசைகிறது என்று பாருங்கள் என்றார். அறுபது ரயில்வே கம்பெனிப் பங்குகளை வைத்திருப்பவரைவிட, அதே பணத்தை ரயில்வே, மின்சாரம், சுரங்கம், உற்பத்தி என்று பிரித்தவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்ற உதாரணத்தையும் அந்தக் கட்டுரையிலேயே தந்திருக்கிறார். ஏழு லார்ஜ் கேப் ஃபண்டுகள் நம் ஊர் அறுபது ரயில்வே பங்குகள்.

இரண்டு முதலீடுகள் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்பதை ஒட்டுறவு என்ற ஒற்றை எண்ணில் சொல்லலாம். சந்தைக்காரர்கள் கோரிலேஷன் என்பார்கள். இரண்டும் எப்போதும் ஒன்றாகவே ஏறி இறங்கினால் அது 1. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் 0. ஒன்று ஏற இன்னொன்று அச்சாக எதிரே இறங்கினால் −1. ஒரே வகை லார்ஜ் கேப் ஃபண்டுகளுக்கிடையே இது பொதுவாக 0.9-க்கு மேல் இருக்கும்.

இனி ஏழு ஃபண்டுக்காரரின் கணக்கைப் போடுவோம். ஒவ்வொரு ஃபண்டின் வருட ஏற்ற இறக்கமும் 20 சதவீதம் என்று கொள்வோம். அதாவது மூன்று வருடங்களில் ஏறத்தாழ இரண்டு வருடம், கிடைக்கும் லாபம் சராசரியிலிருந்து மேலே 20, கீழே 20 என்ற எல்லைக்குள் இருக்கும். ஃபண்டுகளுக்கிடையே ஒட்டுறவு 0.95. இந்த நிலையில் ஒரே ஒரு ஃபண்ட் வைத்திருந்தால் ஏற்ற இறக்கம் 20. ஏழில் சமமாகப் பிரித்தால் 19.6. ஆறு ஃபண்ட் கூடுதலாகச் சேர்த்து அவர் குறைத்த ரிஸ்க் அரை சதவீதம்கூட இல்லை.

ஒட்டுறவு சற்றுக் குறைவான, 0.5 அளவில் உள்ள தனிப் பங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கமும் அதே 20 தான். இரண்டு பங்கு வாங்கினால் மொத்த ஏற்ற இறக்கம் 17.3 ஆகிறது. பத்து வாங்கினால் 14.8, நூறு வாங்கினால் 14.2. அதற்குப் பிறகு ஆயிரம் வாங்கினாலும் 14.1-க்குக் கீழே போகாது. அந்த இடத்தில் ஒரு தரை இருக்கிறது, அதை எண்ணிக்கையால் உடைக்க முடியாது. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத, ஒட்டுறவு 0 உள்ள இரண்டே முதலீடுகளில் பாதிப் பாதியாகப் போட்டால் ஏற்ற இறக்கம் அதே 14.1. ஆயிரம் பங்குகள் சேர்ந்து செய்வதை இரண்டு முதலீடுகள் செய்துவிடுகின்றன. இந்தத் துறையில் நான் படித்த கணக்குகளிலேயே சாதாரண முதலீட்டாளருக்கு மிகவும் உதவக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன்.

தாளில் போட்ட கணக்கு நிஜச் சந்தையில் நிற்குமா என்று பார்க்க 2008 நல்ல வருடம். 2007-ன் கடைசி நாளில் சென்செக்ஸ் 20,287. அடுத்த வருடக் கடைசி நாளில் 9,647. ஒரு லட்சம் ரூபாயை முழுக்க சென்செக்ஸ் பங்குகளில் வைத்திருந்தவர் கையில் சுமார் 47,500 ரூபாய் மிஞ்சியது. பெரிய கம்பெனிகளோடு நடுத்தர, சிறிய கம்பெனிகளையும் சேர்த்துப் ‘பரவலாக’ வைத்திருந்தவர்கள் கதி இன்னும் மோசம். மும்பைப் பங்குச் சந்தையின் மிட் கேப், ஸ்மால் கேப் குறியீடுகள் இரண்டுமே அந்த ஒரு வருடத்தில் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தன. பெயர் மூன்று, அசைவு ஒன்று.

அதே வருடம் இந்தியாவில் ரூபாய்க் கணக்கில் தங்கம் 25 சதவீதத்துக்கு மேல் ஏறியது. உலகச் சந்தையில், டாலர் கணக்கில், தங்கம் அவ்வளவு ஏறவில்லை. பெரும்பகுதி ஏற்றம் ரூபாய் சரிந்ததால் வந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம் பங்குகளை விற்று, கிடைத்த ரூபாயை டாலராக மாற்றிக்கொண்டு போனார்கள். வருடத் தொடக்கத்தில் 39 ரூபாய் சில்லறைக்குக் கிடைத்த டாலர் நவம்பரில் 50 ரூபாயைத் தொட்டது. தங்கத்துக்கு விலை வைப்பது டாலரில். பங்குகளை இறக்கிய அதே கைதான் இங்கே தங்கத்தை ஏற்றியது. இந்தியருக்குத் தங்கம் பங்குக்கு எதிர்த்தட்டில் நிற்பதற்கு இப்படி ஒரு தெளிவான காரணம் உண்டு. எப்போதோ இரண்டு எண்கள் எதிரெதிராகப் போயின என்பதைவிட, ஏன் போயின என்று தெரிந்திருப்பது பல மடங்கு பெறும்.

அந்த ஒரு லட்சத்தில் 60 ஆயிரம் பங்கிலும், 20 ஆயிரம் தங்கத்திலும், 20 ஆயிரம் வங்கி டெபாசிட்டிலும் இருந்திருந்தால்? பங்கு சுமார் 28,500 ஆகியிருக்கும். தங்கம் 25 சதவீதம் ஏறியதாகக் குறைத்தே வைத்துக்கொண்டாலும் 25,000. டெபாசிட் 8 சதவீத வட்டியில் 21,600. மொத்தம் 75,100. பாதிக்கு மேல் போக வேண்டியது, கால் பங்கோடு நின்றிருக்கும். மீள்கிற கணக்கில் வித்தியாசம் இன்னும் பெரிது. 47,500 மறுபடி ஒரு லட்சமாக 110 சதவீதம் ஏற வேண்டும். 75,100 ஒரு லட்சமாக 33 சதவீதம் போதும்.

இதற்கு விலையும் உண்டு. 2009-ல் சென்செக்ஸ் 81 சதவீதம் எகிறியது, அந்த வருடம் டெபாசிட்டில் கிடந்த பணம் அதில் பங்கெடுக்கவில்லை. தங்கமும் ஏறிக்கொண்டே இருக்கிற பொருள் இல்லை. 2012 முடிவில் 10 கிராம் 30 ஆயிரம் ரூபாயைச் சுற்றி இருந்த விலை, 2018 முடிவிலும் அதே இடத்தைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் சும்மா இருந்த ஒன்றை விற்காமல் வைத்திருக்கப் பொறுமை வேண்டும். எல்லாமே லாபத்தில் இருக்கிற பட்டியல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது எல்லாமே ஒன்றாக அசைகிறது என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம்.

இன்னொரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒட்டுறவு கல்லில் வெட்டிய எண் இல்லை. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அந்த மாத நடுவில் உலகச் சந்தையில் தங்கமும் சில நாட்கள் பங்குகளோடு சேர்ந்தே சரிந்தது, ஏனென்றால் கடனுக்குப் பங்கு வாங்கியிருந்தவர்கள் பணம் கட்டுவதற்காக எது விலை போகுமோ அதையெல்லாம் விற்றார்கள். அமெரிக்காவில் 2022-ல் விலைவாசியை அடக்க வட்டி வேகமாக உயர்ந்தபோது, பங்குகளுக்கு ஈடுகட்டும் என்று நம்பியிருந்த கடன் பத்திரங்களும் சேர்ந்து விழுந்தன. பிரித்து வைப்பது அடியைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. ஆறு மாதச் செலவுக்கான பணம் சந்தை பக்கமே போகாமல் வங்கியில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

உங்கள் முதலீடுகள் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்பதை நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு ஃபண்டும் தன் கையிருப்பை மாதாமாதம் வெளியிடுகிறது, முதல் பத்துப் பெயர்களை ஒப்பிடுவதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மீதிக்கு ஒரு எக்செல் தாள் போதும். ஒரு ஃபண்டின் மாதக் கடைசி என்.ஏ.வி.யை B வரிசையிலும், இன்னொன்றினுடையதை C வரிசையிலும், 2-ம் கட்டத்திலிருந்து 62-ம் கட்டம் வரை போடுங்கள். பிறகு D3, E3 கட்டங்களில் மாத மாற்றத்தைக் கணக்கிட்டுக் கீழே இழுத்துவிட்டு, கடைசி வரியை எங்காவது தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

```
=B3/B2-1
=C3/C2-1
=CORREL(D3:D62,E3:E62)
```

பலர் தவறுவது ஓர் இடத்தில். மாத மாற்றத்தைக் கணக்கிடாமல் என்.ஏ.வி.யையே CORREL-க்குள் போட்டுவிடுவார்கள். பல வருடங்களில் இரண்டும் மெதுவாக மேலே போயிருந்தால், சம்பந்தமே இல்லாத இரண்டுக்கும் 0.9 என்று விடை வரும். மாற்றங்களைத்தான் ஒப்பிட வேண்டும். கூடவே சந்தை மோசமாக விழுந்த நாலைந்து மாதங்களை மட்டும் தனியே பாருங்கள். நமக்குத் துணை தேவைப்படுவது அந்த மாதங்களில்தான்.

எந்த எக்செல் தாளிலும் வராத ஒட்டுறவு ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை, அதே நிறுவனம் கொடுத்த பங்குகள், போதாததற்கு ஒரு டெக்னாலஜி ஃபண்ட், ஓ.எம்.ஆரில் கடனில் வாங்கிய ஃபிளாட். நாலும் தனித்தனிச் சொத்து போலத் தெரியும். அமெரிக்க நிறுவனங்கள் ஐ.டி. செலவைக் குறைத்தால் சம்பளம், பங்கு, ஃபண்ட், வீட்டு வாடகை நாலும் ஒரே காலாண்டில் அடிபடலாம். அமெரிக்காவின் என்ரான் நிறுவனத்தில், ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் என்ரான் பங்காகவே இருந்தது. 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானபோது ஆயிரக்கணக்கானோர் வேலையையும் சேமிப்பையும் ஒன்றாக இழந்தார்கள்.

உங்கள் நிறுவனம் தரும் பங்குகள் கைக்கு வந்து விற்க அனுமதி கிடைத்ததும், வரிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு, பெரும்பகுதியை விற்றுவிடுங்கள். அந்தப் பணத்தை எட்டாவது ஃபண்டில் போடாதீர்கள். உங்கள் சம்பளத்தோடு சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் போடுங்கள்.