விடைக்குறிப்பு தப்பா, படம் தப்பா?

போட்டித்தேர்வு வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் படம் இது: வழிகாட்டி நூலின் ஒரு கேள்வி, அதன் விடையில் பேனாவால் ஒரு வட்டம், கீழே "இது எப்படி?" என்று ஒரு வரி.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10% வீதம் 2 ஆண்டுகளுக்குக் கூட்டு வட்டி எவ்வளவு? முதல் ஆண்டு வட்டி 1,000. இரண்டாம் ஆண்டு 11,000-க்கு வட்டி 1,100. ஆக 2,100. ஆனால் அச்சிட்ட விடை 2,155.06.

இந்த இடத்தில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். "புக்கே தப்பு" என்று எழுதிவிட்டு நகர்வார்கள். அல்லது விடை வரும்வரை கணக்கை வளைப்பார்கள். இரண்டாவதுதான் மோசம். நடுவில் காரணமில்லாத ஒரு படி நுழைந்துவிடும், படிக்கும் மாணவர் அதையே முறை என்று நம்பிவிடுவார்.

அச்சிட்ட எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று பின்னோக்கிப் பார்ப்பதே நல்லது. 2,155.06 வாய்க்கு வந்த எண்ணாகத் தெரியவில்லை. வட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5% வீதம் நான்கு தடவை சேர்த்துப் பாருங்கள்: 10,500, 11,025, 11,576.25, கடைசியில் 12,155.06. அசலைக் கழித்தால் அதே எண். ஆக, விடை எழுதியவர் அரையாண்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். "வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை அசலுடன் சேர்க்கப்படும்" என்ற வரி கேள்விக்கு மேலே இருந்து, படமெடுத்தவர் வெட்டிவிட்டிருக்கலாம். அல்லது பதிப்பாளரே அதை விட்டிருக்கலாம். படத்தை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

அப்போது எழுத வேண்டிய பதில் இப்படி இருக்கும்: "படத்தில் உள்ளபடி விடை 2,100. அரையாண்டுக் கூட்டு வட்டி என்றால் மட்டுமே 2,155.06 வரும். படத்தின் மேற்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. பக்கத்தை முழுசாக எடுத்து அனுப்புங்கள். அந்த வரி இருந்தால் புத்தகம் சரி, இல்லையென்றால் விடைக்குறிப்பு தப்பு." தனக்கு உறுதியானது எது, எதைப் பொறுத்துத் தன் முடிவு மாறும் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன.

எப்படிப் புரட்டினாலும் அச்சிட்ட எண் வராவிட்டால், பக்கத்துக் கேள்விகளின் விடைகளையும் பாருங்கள். 37-ஆம் கேள்வியின் விடை 38-க்கு நேரே இறங்கியிருக்கலாம். அச்சில் வரிசை நழுவுவது புதிதல்ல.

2024 நீட் தேர்வில் அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளுக்கு மதிப்பெண் தரப்பட்டது. பழைய பாடநூலில் இருந்த ஒரு வரிதான் காரணம். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐஐடி நிபுணர்கள் பார்த்து, ஒரு விடைதான் சரி என்றார்கள், தரவரிசை திருத்தப்பட்டது. அங்கேயும் கேள்வி, எந்தப் புத்தகத்தின் எந்தப் பதிப்பு என்பதில்தான் வந்து நின்றது.

அடுத்த முறை சந்தேகம் கேட்பவர்கள், கேள்வியோடு பக்கத்தின் தலைப்பு, நூலின் பெயர், பதிப்பு ஆண்டு மூன்றும் தெரிய ஒரு படமும் சேர்த்து அனுப்புங்கள்.