திருகும் இடம் மட்டும் கெட்டியாக

இலங்கையில் மழை அதிகம் கொட்டும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. அங்கே மழைமானிக் குழாயை மரத்தூணில் பொருத்த ஒரு பிடி வேண்டும், அதை முப்பரிமாண அச்சில் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 100 மி.மீ. நீளமும் 60 மி.மீ. அகலமும் 8 மி.மீ. தடிப்பும் உள்ள தட்டு, அதிலிருந்து குழாயைத் தாங்க நீளும் ஒரு மெல்லிய கை. ஸ்குரூ போக 5 மி.மீ. ஓட்டைகள் இரண்டு. பொருள் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்.

அச்சில் வரும் பொருள் உள்ளே முழுக்க கெட்டியாக இருப்பதில்லை. பக்கங்களில் இரண்டு மூன்று சுவர், மேலும் கீழும் சில கெட்டி அடுக்குகள், நடுவில் வலைபோன்ற இன்ஃபில். 15 சதவீத இன்ஃபில் என்றால் உட்புறத்தில் பெரும்பகுதி காற்றுத்தான். தட்டின் நடுவில் இது போதும். ஸ்குரூவை இறுக்கும்போதுதான் சிக்கல். ஸ்குரூ தலை அழுத்தும் இடத்தில் மேல் அடுக்கு உள்வாங்கும். அதற்குக் கீழே முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாததால் மேலும் இறுக்கினால் நொறுங்கிவிடும்.

உடனே கை போவது இன்ஃபிலைக் கூட்டத்தான். தட்டு முழுவதற்கும் 60 சதவீதம் வைத்தால் கூடுதலாக ஏறக்குறைய 21 கிராம் பிளாஸ்டிக் போகும். அச்சிடும் நேரமும் கூடும். அவ்வளவு செலவழித்தும் ஸ்குரூவைச் சுற்றி இன்னும் வெற்றிடம் இருக்கும். இரண்டு ஓட்டைகளையும் சுற்றி 16 மி.மீ. விட்டத்துக்கு மட்டும் முழுக் கெட்டியாக்கினால் கூடுவது இரண்டு கிராமுக்குச் சற்று மேல். அதைச் செய்து தருவதுதான் மாடிஃபையர்.

அச்சுக்கு முன் பொருளை அடுக்கடுக்காக வெட்டித் தரும் மென்பொருள் ஸ்லைசர். அதில் மாடிஃபையர் என்பது அச்சில் வராத ஓர் உருவம். அது பொருளின் எந்தப் பகுதியை மூடுகிறதோ அந்தப் பகுதிக்கு மட்டும் வேறு அமைப்பு செல்லும். பிரூசா ஸ்லைசரில் முதலில் `Advanced` அல்லது `Expert` நிலைக்குப் போக வேண்டும். பொருளின்மேல் வலது கிளிக் செய்து `Add modifier`, அதில் `Cylinder` எடுங்கள். அதன் விட்டத்தை 16 ஆக்கி, ஓட்டையின் மையத்தில் வைத்து, உயரத்தைத் தட்டின் இரு பக்கமும் சற்று வெளியே நீளும்படி விடுங்கள். பிறகு அந்த உருளையின்மேல் வலது கிளிக் செய்து இன்ஃபில் அமைப்பைச் சேர்த்து, `Fill density` மதிப்பை 100 ஆக்க வேண்டும். சில நிரப்பு வடிவங்கள் 100 சதவீதத்துக்கு ஒத்துவராது. அப்போது `Rectilinear` என்று மாற்றிக்கொள்ளலாம். கியூரா பாவிப்பவர்களுக்கு இதே வேலையை `Per Model Settings` பகுதியிலுள்ள `Modify settings for overlaps` செய்து தரும்.

இன்ஃபிலைக் கூட்டுவதா, சுவரைக் கூட்டுவதா என்பதை ஸ்குரூவைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். தட்டைத் தலை அழுத்துவது மட்டும்தான் என்றால் இன்ஃபில் போதும். ஸ்குரூவின் புரி பிளாஸ்டிக்கையே கடித்துப் பிடிக்க வேண்டும் என்றாலோ, கூம்புத் தலை ஓட்டையை அகட்டுகிறது என்றாலோ சுவர்தான் நல்லது. சுவர்கள் ஓட்டையைச் சுற்றி வளையங்களாக ஓடுவதால் வெளியே தள்ளும் விசையை இழுத்துப் பிடிக்கும். நமது உருளையில் ஓட்டையின் ஓரத்திலிருந்து வெளி விளிம்புவரை 5.5 மி.மீ. இருக்கிறது. கோடு 0.45 மி.மீ. அகலம் என்றால், `Perimeters` 6 என்று வைத்ததும் ஓட்டைப் பக்கம் ஆறு, விளிம்புப் பக்கம் ஆறு என வளையங்களாலேயே இடம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும்.

விளிம்புப் பக்கம் ஏன் சுவர் வருகிறது? சுவர் எண்ணிக்கையை மாற்றினால் பிரூசா ஸ்லைசர் அந்தப் பகுதியைத் தனித் துண்டாகக் கருதி, அதன் எல்லையிலும் சுவர் கட்டும். எனவே அந்த எல்லை ஒரு மூட்டு. பளு அங்கே வளைத்தால் பிரியக்கூடும். இன்ஃபிலை மட்டும் மாற்றினால் வெளிச் சுவர்கள் அறுபடாமல் ஓடும். இதனால்தான் குழாயைத் தாங்கும் மெல்லிய கை தட்டோடு சேரும் இடத்தில் நான் சுவரைத் தொடமாட்டேன். கை 3 மி.மீ. தடிப்பு என்றால், பக்கத்துக்கு இரண்டு சுவர் போக நடுவில் 1.2 மி.மீ. தான் மிச்சம். 15 சதவீதத்தில் இன்ஃபில் கோடுகள் ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளியில் போகும். அந்த இடுக்கு பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். ஒரு `Box` வைத்து அதை 100 சதவீதம் ஆக்கினால் சரி.

அந்தப் பெட்டி கையோடு நின்றுவிடக் கூடாது. தட்டுக்குள்ளும் நன்றாக நுழைந்து, ஓட்டையின் உருளைகளைத் தொட வேண்டும். கெட்டியான கட்டி வலையின் நடுவே தனியாக நின்றால், பளு அதைத் தாண்டியதும் பலவீனமான இன்ஃபிலில்தான் விழும். உடைவு ஓட்டையை விட்டுப் பக்கத்தில் நடக்கும்.

ஸ்லைஸ் செய்தபின் முன்னோட்டத்தில் நடு அடுக்கு ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். உருளை இருக்கும் இடத்தில் வலை மறைந்து கோடுகள் நெருங்கியிருக்க வேண்டும். நெருங்கவில்லை என்றால் உருளை இடம் தவறி நிற்கிறது, அல்லது அமைப்பு அதன் பெயருக்குக் கீழே சேரவில்லை.

அடுக்குகளுக்கு இடையிலான ஒட்டுதலை மட்டும் மாடிஃபையர் மாற்றாது. கையைச் செங்குத்தாக நிறுத்தி அச்சிட்டு, குழாயின் பாரம் அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் இழுத்தால், முழுக்க நிரப்பியிருந்தாலும் அடுக்குக் கோட்டிலேயே விடும். வட்டவளை ஈரத்தில் திறந்து கிடந்த பிளாஸ்டிக் சுருளாக இருந்தால் இன்னும் மோசம். அச்சுமுனையில் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டால், முதலில் சுருளைக் காயவைக்க வேண்டும்.