இடைவெளியில் பாதி

f(x) = (x² − 4)/(x − 2) என்ற சார்பில் x-க்கு 2 என்று இட முடியாது; பகுதி பூஜ்ஜியமாகிவிடும். ஆனால் 2-க்கு அருகிலுள்ள எண்களை இட்டுப் பார்க்கலாம். 1.9 இட்டால் 3.9, 1.99 இட்டால் 3.99, 1.999 இட்டால் 3.999. ஆகவே x, 2-ஐ நெருங்கும்போது சார்பின் எல்லை மதிப்பு 4 என்கிறோம்.

இங்கே கூர்மையான ஒரு மாணவி குறுக்கிடலாம்: “இந்த விடைகள் 4.01-ஐயும் நெருங்கித்தானே வருகின்றன? அதையும் எல்லை என்று சொன்னால் என்ன?” அவள் சொல்வது பொய்யல்ல. 4.01-இலிருந்து அந்த விடைகளின் தூரம் 0.11, 0.02, 0.011 என்று குறைந்துகொண்டேதான் வருகிறது. ‘நெருங்குகிறது’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவளுக்குப் பதில் சொல்ல முடியாது.

எவ்வளவு நெருக்கம் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். 1821-இல் வெளியான தம் பாடநூலில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி எல்லையைச் சொற்களால் வரையறுத்தார். அதற்கு இன்றைய எப்சிலான்-டெல்டா வடிவத்தைத் தந்து நிலைநிறுத்தியவர் ஜெர்மனியின் வையர்ஸ்ட்ராஸ். L என்பது எல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் ஒரு சவாலை ஏற்கிறார். நாம் ε என்ற நேர்மத் தூரத்தை எவ்வளவு சிறிதாகக் கொடுத்தாலும், அதற்கேற்ற δ ஒன்றை அவர் காட்ட வேண்டும்: x, a-க்குச் சமமாக இல்லாமல் a-இலிருந்து δ தூரத்துக்குள் இருந்தால், f(x) தவறாமல் L-இலிருந்து ε தூரத்துக்குள் இருக்க வேண்டும். ε-ஐத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்முடையது. நிரூபணம் முழுவதும் இந்த உரிமையில்தான் நிற்கிறது.

L, M என்ற வெவ்வேறான இரண்டு எண்களும் ஒரே புள்ளியில் எல்லைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அதில் பாதியை ε என்று எடுப்போம்: ε = |L − M|/2. L-க்காக ஒரு δ₁ கிடைக்கும், M-க்காக ஒரு δ₂ கிடைக்கும். இரண்டில் சிறியதை δ என்று வைத்துக்கொண்டால், அந்த வட்டாரத்தில் எடுக்கும் ஒரே x இரண்டு வாக்குறுதிகளுக்கும் கட்டுப்படும். எனவே f(x), L-இலிருந்தும் ε-க்குக் குறைவான தூரத்தில் இருக்கிறது, M-இலிருந்தும் அப்படியே. L-இலிருந்து f(x) வழியாக M-க்குப் போகும் பாதை, நேர்வழியைவிடக் குறுகியதாக இருக்க முடியாது. ஆகவே

|L − M| ≤ |L − f(x)| + |f(x) − M| < ε + ε = |L − M|

ஓர் எண் தன்னைவிடச் சிறியது என்று முடிகிறது. அது நடக்காது, ஆகவே L, M வெவ்வேறாக இருக்க முடியாது.

ஏன் பாதி? L-ஐச் சுற்றியும் M-ஐச் சுற்றியும் ε அகலத்துக்கு இரண்டு பக்கமும் பட்டை போட்டுப் பாருங்கள். பாதியளவில் அவை நடுப்புள்ளியில் முட்டுகின்றன. ஆனால் ‘குறைவு’ என்ற நிபந்தனையால் அந்த நடுப்புள்ளி இரண்டிலும் சேராது. பொதுவான எண் ஒன்றுகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு எடுத்தாலும் நிரூபணம் நடக்கும். பாதியைத் தாண்டினால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், f(x) அங்கே ஒளிந்துகொள்ளும், முரண்பாடு கிடைக்காது.

மாணவியின் 4.01-க்கு வருவோம். இடைவெளி 0.01, பாதி 0.005. இந்தச் சார்பில் f(x) என்பது x + 2-தான்; ஆகவே 4-க்காக δ = 0.005 போதும். அதற்குள் வரும் எல்லா விடைகளும் 3.995-க்கும் 4.005-க்கும் இடையில் அடங்கிவிடுகின்றன. 4.01 கேட்கும் பட்டையோ 4.005-க்கு மேல்தான் தொடங்குகிறது. விடைகள் அதை நோக்கி வந்தன, உண்மை. ஆனால் இடப்பக்கத்திலிருந்து வரும் விடை எதுவும் அதை 0.01 தூரத்துக்குள் அணுகவே இல்லை.

இந்தத் தேற்றம் எல்லை இருக்கிறது என்று உறுதி தருவதில்லை. |x|/x என்ற சார்பு பூஜ்ஜியத்தின் இடப்பக்கம் −1, வலப்பக்கம் 1. இதற்கு இரண்டு எல்லைகள் என்று விடைத்தாளில் எழுதுவது பிழை. ஒருபக்க எல்லைகள் இரண்டு, அவை வேறுபடுவதால் பூஜ்ஜியத்தில் எல்லையே இல்லை.

நிரூபணத்தில் ஓர் இடத்தைச் சட்டென்று கடந்துவிட்டோம்: ‘அந்த வட்டாரத்தில் எடுக்கும் ஒரே x’. அப்படி ஒரு x இருந்தாக வேண்டும். √(x²(x − 1)) என்ற சார்பு x = 0-இலும், 1-இலும் அதற்கு மேலும் மட்டுமே மெய்யெண் மதிப்பு தரும். பூஜ்ஜியத்துக்கு அருகில் அதன் சார்பகத்தில் வேறு எண்ணே கிடையாது. அங்கே δ = 1/2 என்று வைத்தால் சோதிக்க ஒரு x-கூட இல்லாததால் 7-உம் எல்லை, 700-உம் எல்லை என்று வரையறை எதையும் தடுக்காமல் விட்டுவிடும். அதனால்தான் கவனமாக எழுதப்பட்ட பகுவியல் நூல்கள், a-க்கு எவ்வளவு அருகில் போனாலும் சார்பகத்தில் a அல்லாத ஓர் எண்ணாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எல்லையின் வரையறையிலேயே சேர்த்துவிடுகின்றன.