இரண்டு 'வாய்ப்பு'களுக்கு நடுவே நாலு லட்சம்

தமிழ் வழியில் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் பயிற்சிக்குச் சேர்ந்த பையன் ஒருவன், சிறு லேத் பட்டறைக் கம்பெனி ஒன்றின் ஆண்டுக் கணக்கோடு வந்தான். கூட்டல் கழித்தலில் அவன் கெட்டி. பாலன்ஸ் ஷீட்டுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் வரும் விளக்கக் குறிப்புகள்தான் அவனைப் படுத்தின. அகராதியை வைத்துக்கொண்டு தானே தமிழாக்கியும் இருந்தான். "சரியா இருக்கான்னு பாருங்க சார்" என்றான்.

முதல் வரி தேய்மானம் பற்றியது. 'ரிட்டன் டவுன் வேல்யூ முறையில் தேய்மானம் புரொவைட் செய்யப்படுகிறது' என்பது மூலம். 'எழுதப்பட்ட மதிப்பின்மேல் தேய்மானம் வழங்கப்படுகிறது' என்று அவன் எழுதியிருந்தான். யாருக்கு வழங்குகிறார்கள்? யாருக்கும் இல்லை, பணம் எங்கும் போவதில்லை. இயந்திரம் வாங்கிய செலவை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கில் கழிக்கிறார்கள், அவ்வளவுதான். 'தேய்மானம் கழிக்கப்படுகிறது' என்றாலே போதும்.

'டவுன்' என்ற சொல்லை அவன் விட்டுவிட்டதுதான் பெரிய சிக்கல். பாடநூல் இதைக் 'குறைந்துசெல் மதிப்பு முறை' என்கிறது. ஏற்கெனவே கழித்தது போக மீதி நிற்கும் மதிப்பின்மேல்தான் விகிதம் போட வேண்டும். அந்தக் கம்பெனி லேத்தின் விலை 10 லட்சம் ரூபாய். 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் சொல்கிறது. ஆயுள் முடிவில் மிஞ்சும் மதிப்பு பொதுவாக விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கே அது 50,000. இந்தக் கணக்குக்கு விகிதம் சுமார் 18.10 சதவீதம் வரும். முதல் ஆண்டு கழிவு 1,81,000. மீதி 8,19,000. இரண்டாம் ஆண்டு அந்த மீதியின்மேல் 18.10 சதவீதம் என்றால் கழிவு 1,48,239.

பையன் இரண்டாம் ஆண்டும் 10 லட்சத்தின்மேலேயே போட்டு மறுபடி 1,81,000 கழித்திருந்தான். லாபம் 32,761 ரூபாய் குறைந்துபோயிற்று. இப்படியே போனால் 15 ஆண்டு ஓட வேண்டிய லேத், ஆறாம் ஆண்டிலேயே கணக்கில் தீர்ந்துவிடும். அதுவே தப்பைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். ஆண்டுதோறும் ஒரே தொகை கழிய வேண்டும் என்றால் அது நேர்கோட்டு முறை. அதில் 9,50,000-ஐ 15-ஆல் வகுத்து ஆண்டுக்கு 63,333 கழிப்பார்கள். எந்த வழியில் போனாலும் பதினைந்தாம் ஆண்டு முடிவில் 50,000-தான் நிற்கும்.

அடுத்த குறிப்பு 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி'. வழக்கமான தமிழ் 'எதிர்பாராப் பொறுப்பு'. இந்தச் சொல்லே ஆளைத் திசைதிருப்பும். கம்பெனிக்கு ஜிஎஸ்டி துறை 4 லட்சம் கேட்டு உத்தரவு போட்டிருக்கிறது, கம்பெனி மேல்முறையீடு செய்திருக்கிறது. கோப்பில் கண்ணெதிரே இருக்கும் விவகாரத்தில் எதிர்பாராதது என்ன? கட்ட வேண்டி வருமா என்பது மட்டும்தான் தெரியாது. 'முடிவைப் பொறுத்த பொறுப்பு' என்று விளக்கினேன். பையன் தலையாட்டினான்.

ஆனால் கத்தி இருந்தது அதற்கடுத்த வரியில். ஆங்கிலத்தில் 'ப்ராபபிள்', 'பாசிபிள்' என்று இரண்டு சொற்கள். இரண்டையும் அவன் 'வாய்ப்புள்ளது' என்றே எழுதியிருந்தான். பேச்சில் பரவாயில்லை; கணக்கியல் நிர்ணயம் 29-ல் இவை இரண்டும் வேறு வேறு வாசல்கள். கட்டாமல் தப்புவதைவிடக் கட்டுவதற்கே வாய்ப்பு அதிகம், தொகையையும் நம்பும்படி மதிப்பிட முடியும் என்றால் அது ப்ராபபிள். 4 லட்சத்தையும் இந்த ஆண்டுச் செலவாக எழுதி ஒதுக்கீடு காட்ட வேண்டும். லாபம் அந்த அளவு குறையும். கட்ட நேரலாம், ஆனால் அதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் இல்லை என்றால் அது பாசிபிள். லாபத்தைத் தொடாமல் குறிப்பில் மட்டும் சொல்வார்கள். நேரும் வாய்ப்பே மிக அரிது என்றால் குறிப்பும் வேண்டாம்.

இந்த வழக்கில் வக்கீலின் எழுத்து, கம்பெனி ஜெயிக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. பையன் திருத்தி எழுதினான்: 'ஜிஎஸ்டி துறை கோரும் ரூ. 4,00,000-ஐ எதிர்த்து மேல்முறையீடு நிலுவையில் உள்ளது. கட்ட நேராது என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால் கணக்கில் ஒதுக்கீடு செய்யப்படவில்லை.' படித்துவிட்டு, "இப்பத்தான் சார் புரியுது" என்றான்.

பங்கு வாங்கவோ கடன் கொடுக்கவோ ஒரு கம்பெனியின் கணக்கைக் கையில் எடுப்பவர்கள், லாபத்தைப் பார்த்த கையோடு கடைசிப் பக்கக் குறிப்புகளையும் புரட்டிவிடுங்கள். பாலன்ஸ் ஷீட்டில் இல்லாத நாலு லட்சம் அங்கேதான் எழுதியிருக்கும்.